ஏழாம் தொகை

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதியபோது, தொகைநிலைத் தொடர்கள் ஆறு என்று எண்ணி முடித்துவிட்டார். வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை. அவர் காலத்தில் தொலைபேசி இல்லை. இருந்திருந்தால் ஏழு என்று எழுதியிருப்பார் என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

தொகை என்பது ஒன்று மறைந்து நிற்பது. மலைக்கோயில் என்றால் 'இல் உள்ள' என்பது மறைந்திருக்கிறது. மலர்முகத்தில் 'போன்ற' மறைந்திருக்கிறது. செடிகொடியில் இரண்டு 'உம்' மறைந்திருக்கின்றன. 'பொற்றொடி வந்தாள்' என்னும்போது வளையல் கண்ணுக்குத் தெரிகிறது, அதை அணிந்த பெண் சொல்லுக்கு வெளியே நிற்கிறாள், அது அன்மொழித்தொகை. இந்த வரிசையில் அடுத்த படி, வாக்கியமே மறைந்து நிற்பதுதான். ஒருவர் தாம் எழுதிய வாக்கியத்தைப் படித்தும் காட்டாமல், எழுதியும் அனுப்பாமல், அதன் நீளத்தையும் தோரணையையும் அதை எழுதத் தாம் பட்ட பாட்டையும் மட்டும் சொல்லி, "இலக்கணப்படி சரியா?" என்று கேட்குமிடத்து இது தோன்றும். இதற்கு வாக்கியத்தொகை என்று பெயரிடுகிறேன். எதிர்ப்பவர்கள் வேறு பெயர் சொல்லட்டும், பெயரை விவரிக்காமல்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். இந்த ஆய்வுக்கான தரவுகள் பெரும்பாலும் அந்தத் தொழிலில் கிடைத்தவை. ஆனால் முழுமையான மாதிரி ஒன்று, ஓய்வு பெற்ற பிறகுதான் வாய்த்தது. மதுரையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேசினார்.

"அண்ணே, பாப்பா கல்யாணப் பத்திரிகையில ஒரு வாக்கியம் போட்டிருக்கேன். இலக்கணம் சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

"படிங்க தம்பி."

"நாலு வரி வருதுண்ணே. எல்லாரையும் கூப்பிடுற வாக்கியம். நல்ல மரியாதையா இருக்கும். நடுவுல ஒரு கமா வருது."

முதலில் இந்த வினாவை வகைப்படுத்த வேண்டும். நன்னூல்படி வினா ஆறு வகை. தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா, இதுவா அதுவா என்று தடுமாறுவது ஐயவினா. மளிகைக் கடையில் "பருப்பு இருக்கா?" என்பது கொளல்வினா, "உனக்குச் சட்டை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுப்பது கொடைவினா, "படிச்சிட்டியா?" என்று பிள்ளையை விரட்டுவது ஏவல்வினா. மேலோட்டமாகப் பார்த்தால் தம்பியின் கேள்வி அறியாவினா போலத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஏமாந்தேன். அறியாவினா கேட்பவன் பொருளைக் கையில் கொண்டுவருவான். பல் வலிக்காரன் வாயைத் திறப்பான். வாக்கியத்தைக் காட்டாமல் கேட்பவர் ஒன்றை வாங்க வந்திருக்கிறார். 'சரி' என்ற ஒரு சொல் கடையில் இருக்கிறதா என்று கேட்கிறார். ஆகவே இது கொளல்வினா. இந்த முடிவு இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு. இதை அன்று காலையே கண்டுபிடித்திருந்தால் எனக்கு நல்லது.

அடுத்து, தொகையை விரிக்கும் முறை. மறைந்த உருபைக் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவருவதுதான் பழைய வழி. நானும் கேட்டேன்.

"எப்படி முடியுது தம்பி?"

"அழைக்கிறதோட முடியுதுண்ணே."

அழைக்கிறேன், அழைக்கிறோம், அழைக்கின்றனர் என்று மூன்று முடிவுகளுக்கு அது பொருந்தும். பத்திரிகை வாக்கியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கீழே அப்பா அம்மா இருவர் பெயரும் போட்டு அழைத்தால் 'அழைக்கிறோம்' என்று முடிய வேண்டும். அப்படி முடிந்தால் தொடக்கத்தில் 'எங்கள் மகள்' என்று இருப்பதே முறை. பலர் 'என் மகள்' என்று தொடங்கி, மண்டபம், முகூர்த்தம், நாள், கிழமை எல்லாவற்றையும் கடந்து 'அழைக்கிறோம்' என்று வந்து சேர்வார்கள். புறப்படும்போது ஒருவர், போய்ச் சேரும்போது இருவர். வழியில் ஒருவர் ஏறிக்கொண்டது எங்கே என்று வாக்கியத்தில் தடயம் இருக்காது. நாலு வரி வாக்கியத்தில் இந்த ஒருமை பன்மை மயக்கம் வராமல் இருந்தால்தான் வியப்பு. அதனால் நேராகவே கேட்டேன்.

"தொடக்கத்துல 'என் மகள்'னு போட்டிருக்கீங்களா, 'எங்கள் மகள்'னா?"

"நம்ம பொண்ணுதாண்ணே!"

இங்கே ஆய்வு ஒரு கணம் தடம் மாறியது. 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கிவைக்கும் பன்மை, 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் பன்மை. தம்பி 'நம்ம' என்றபோது இலக்கணப்படி நானும் பெண்ணைப் பெற்றவர்களில் ஒருவன் ஆகிவிட்டேன். மதுரைப் பக்கம் அது அன்பின் வழக்கு. "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று அவர் அவர் வீட்டுக்குத்தான் அழைப்பார். பேச்சில் அது அழகு. பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு மட்டும் அது சான்று ஆகாது. விவரிப்பவர்கள் வாக்கியத்தைச் சொல்வதில்லை. வாக்கியத்தால் தாம் சொல்ல வந்ததைச் சொல்கிறார்கள். சொல்ல வந்தது என்றைக்கும் பிழையாக இருந்ததில்லை.

இதிலிருந்து ஒரு முரண் பிறக்கிறது. என்னால் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு வாக்கியத்தை விவரிக்க வேண்டுமானால், "எழுவாய் தோன்றா எழுவாய், பயனிலை தன்மைப் பன்மை வினைமுற்று, ஆனால் முதல் சொல் தன்மை ஒருமை" என்று விவரிக்க வேண்டும். அப்படி விவரிக்கத் தெரிந்தவர் எனக்குப் போன் செய்யமாட்டார். போன் செய்பவருக்கு அப்படி விவரிக்கத் தெரியாது. நடுவில் ஒரு கமா மட்டும் அனாதையாக நிற்கிறது.

வாயால் படித்துக் காட்டினால் போதுமா என்று ஒரு கிளை வினா எழும். பாதி போதும். 'வேலை கொடு' என்றால் வேலை போட்டுக் கொடு என்று பொருள். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பதைக் கொடு என்று பொருள். இடையில் இருப்பது ஒரே ஒரு க், அதன் தலையில் ஒரு புள்ளி. வீட்டு வரவேற்பறையில் நிதானமாகச் சொன்னால் காதில் விழும். மிக்சி ஓடும் சமையலறையிலிருந்து போனில் சொன்னால் விழாது. விவரித்தால் எங்கிருந்து சொன்னாலும் விழாது. "வாழ்த்திச் சிறப்பிக்க" என்பதில் ச் வேண்டும், ஏனென்றால் 'வாழ்த்தி' இகரத்தில் முடியும் வினையெச்சம். "வந்து சிறப்பிக்க" என்பதில் வேண்டாம், 'வந்து' மென்தொடர்க் குற்றியலுகரம். "மரியாதையா இருக்கும்ணே" என்ற விவரிப்பு இரண்டுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது.

தொகைச் சொல் ஒன்று இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கலாம் என்பது நன்னூல் கணக்கு. ஆறு தொகைகளுக்கு அது சரி. ஏழாம் தொகைக்கு மேல் எல்லை கிடையாது. அன்று மாலைக்குள் தம்பியின் விவரிப்புக்குப் பொருந்தும் வாக்கியங்களைப் பழைய டைரியில் எழுதிப் பார்த்தேன். பதினொன்றாவதில் பேனா மை தீர்ந்தது. ஐந்தில் பிழை இருந்தது, ஆறில் இல்லை. மற்ற ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை நிரப்பிய பேனாவோடு தொடரலாம்.

இரண்டாம் அழைப்பு புதன் மதியம். "பார்த்தீங்களாண்ணே?" என்றார். எதைப் பார்த்தேன் என்று கேட்கவில்லை, வயதில் சிறியவர். விடைகளை நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. அவற்றில் வினா எதிர் வினாதல் முதல் நாளே தோற்றுவிட்டது. ஆகவே மறைவிடைக்குப் போனேன்: "பார்க்காம சொல்ல முடியாது தம்பி." அதற்கு அவர், "நீங்களே முடியாதுன்னா நாங்க யார்ட்டண்ணே போறது?" என்றார். இனமொழி விடையை எடுத்தேன். கேட்டதற்கு விடை சொல்லாமல் அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது அது. பொதுவாகப் பத்திரிகைகளில் என்னென்ன பிழை வரும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். தம்பி ஒவ்வொன்றுக்கும் "அதெல்லாம் இல்லண்ணே" என்றார். அந்த உறுதியைப் பார்த்து, வாக்கியம் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். தாள் அச்சகத்தில் இருக்கிறதாம். நினைவிலிருந்து விவரிக்கிறாராம்.

மூன்றாம் அழைப்பு வியாழன் இரவு ஒன்பதேகால். மறுநாள் காலை மிஷினில் ஏற்றப் போகிறார்கள் என்றும், வாக்கியம் இப்போது முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னார். வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் "சரி" என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் மேலே போக முடியாது. தமிழில் 'சரி' என்பது 'பிழையற்றது' என்றும் பொருள்படும், 'கேட்டுக்கொண்டேன், போனை வைக்கலாம்' என்றும் பொருள்படும். முன்னது தீர்ப்பு, பின்னது விடைபெறும் ஓசை. நான் சொன்னது பின்னது. தம்பிக்குக் கேட்டது முன்னது. கொளல்வினா கேட்க வந்தவருக்குச் சரக்கு கிடைத்துவிட்டது. அவர் இரவோடு இரவாக அச்சகத்துக்குப் பேசி, "அண்ணன் பார்த்துச் சரின்னுட்டார், ஏத்துங்க" என்று சொன்னதைப் பிற்பாடு அறிந்தேன். நானூறு பிரதிகள்.

பத்து நாள் கழித்துத் தம்பியும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். முதல் வரியிலேயே 'திருவளர்ச்செல்வி' இருந்தது. வளர் செல்வி என்பது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று முக்காலத்தையும் மறைத்துக்கொண்டு நிற்பது. அங்கே வல்லெழுத்து மிகாது, திருவளர்செல்வி என்றுதான் வர வேண்டும். அதைத் தம்பி எந்த அழைப்பிலும் விவரிக்கவில்லை. மெல்ல விரலை வைத்தேன். "அது பேருக்கு முன்னாடி போடுறதுதானேண்ணே, வாக்கியத்துல சேராதே" என்றார்.

பிறகு அவரே தாளை வாங்கி, அந்த வாக்கியத்தை முதன்முதலாக எனக்குப் படித்துக் காட்டினார். 'என் மகள்' என்று தொடங்கி, நாலு வரி கடந்து, 'அன்புடன் அழைக்கின்றோம்' என்று முடித்தார். அவர் மனைவி முகத்தில் பெருமை. நான் பின்தொடர்ந்து விரலால் வரிகளைத் தேடினேன். கமா எங்கும் இல்லை.

கேட்டேன்.

"கமாவா? அது நான் படிக்கையில மூச்சு விட்ட இடம்ணே" என்றார்.