பக்கேஜ் அண்ணை

யாழ்ப்பாணத்தில் சுற்றுலா நடத்துபவர்களில் பக்கேஜ் அண்ணை என்றொரு வகை உண்டு. வானை டிரைவர் பார்த்துக்கொள்வார், படகைப் படகுக்காரர் பார்த்துக்கொள்வார், இவருடைய தொழில் படத்துக்கு வசனம் எழுதுவது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து இறங்க முன்னமே இவருடைய நெடுந்தீவுக் குதிரைகள் வாட்சப்பில் ஓடத் தொடங்கிவிடும். கீழே வசனம்: "ஏசி வான், படகு, மதியச் சாப்பாடு யாவும் உட்பட! ஒருவருக்கு இவ்வளவு மட்டும்!"

படத்தில் பச்சைப் புல்லும் தேங்கிய தண்ணீரும் தெரிந்தால் அது மாரியில் எடுத்தது. ஆவணியில் போகிறவருக்குக் காய்ந்த தரையும் எலும்பு தெரியும் குதிரையும்தான். அதுவும் கட்டாக்காலிக் குதிரை, சவாரிக்குக் கிடைக்காது.

கனடாவிலிருந்து வந்த அக்கா ஒருவர் நேரே அண்ணையின் கடைக்குப் போனார்.

"தம்பி, ஏசி வான் எண்டு போட்டிருக்கிறீர். தீவுக்குள்ளயும் வருமோ?"

"வான் குறிகட்டுவான் மட்டும் வரும் அக்கா. அங்கால கடலெல்லோ."

வேலணை தாண்டி, புங்குடுதீவின் இறங்குதுறையில் வான் நிழல் தேடி நின்றுவிடும். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு. தீவில் இறங்கியபின் ஒல்லாந்தர் கோட்டைக்கும் பெருக்கு மரத்துக்கும் ஓட்டோ பிடிக்கவேண்டும். அந்தக் காசு 'யாவும்' என்பதற்குள் அடங்காது. அண்ணை பொய் எழுதவில்லை, ஓட்டோ என்று எழுதவே இல்லை.

'மட்டும்' என்பதில்தான் அவருடைய உண்மையான கலை இருக்கிறது. அந்த விலை பத்துப் பேருக்குப் போட்ட கணக்கு. நாலு பேர் போனால் அதே வான் வாடகை நாலாகப் பிரியும், தலைக்கு இரண்டரை மடங்கு. 'குறைந்தது பத்துப் பேர்' என்ற வரி குதிரையின் குளம்படியில், குளம்பின் நிறத்திலேயே இருக்கும்.

பதிவு செய்யும் முறை மூன்றே படி: திகதியைச் சொல்லுங்கோ, பாதிக் காசை வங்கியில் போடுங்கோ, சிலிப்பைப் படமெடுத்து அனுப்புங்கோ. அதற்குப் பதிலாக அவரிடமிருந்து வருவது ஒரு கட்டைவிரல் படம். என்னென்ன உட்பட்டவை, எத்தனை பேர், பயணம் நின்றால் என்ன என்று எழுதிய துண்டு ஒன்று அவர் பக்கத்திலிருந்து வரவேண்டும். அது வராதவரை சிலிப் காசு போட்டதற்கு மட்டும்தான் சாட்சி.

"கடல் குழம்பிப் படகு ஓடாட்டி காசு திரும்ப வருமோ?"

"குழம்பாது அக்கா, அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா."

"அம்மாளாச்சி நயினாதீவில. காசு உம்மட்டையெல்லோ நிக்குது? எழுதித் தாரும்."

அண்ணை தலையைச் சொறிந்தார். மறுநாள் அதே குதிரைகளின் கீழே புது வசனம் வந்தது: "ஏசி வான் இறங்குதுறை வரை. கடல், காற்று, குதிரை ஆகியவை பக்கேஜில் உட்படா."