டியர் மேடம், இன்பாக்ஸ் பார்க்கவும்

பெறுநர்: கமெண்ட் பராமரிப்புத் துறை, ஊரறிந்த ஒரு ஜவுளிக்கடை.

பொருள்: தங்கள் விளம்பரத்தின் கீழே நடைபெறும் அருந்தொண்டைப் பாராட்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய துறையினருக்கு,

உங்கள் கடையின் தீபாவளி விளம்பரம் கொஞ்ச நாளாக நான் போனைத் திறந்தாலே முதல் ஆளாக வந்து நிற்கிறது. காசு கட்டி வரவழைத்த விளம்பரம், நிற்கட்டும். அதன் கீழே நீங்கள் ஆற்றும் பணியைத்தான் ஊர் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை.

பச்சை உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாக ஒரு சேலை. அதன் கீழே பத்துக்கு எட்டுப் பேர் கேட்பது ‘விலை?’ என்றுதான். எல்லாருக்கும் உங்கள் பதில் ஒன்றே: ‘டியர் மேடம், இன்பாக்ஸ் பார்க்கவும்.’ கேட்டவர் படத்தில் முறுக்கு மீசை இருந்தாலும் உங்களுக்கு அவர் மேடம்தான். கடைக்குள் அதே சேலையின் முந்தானையில் விலைச்சீட்டு தொங்குகிறது. அதை விளம்பரத்தில் ஒரு வரியாகப் போட்டிருந்தால் இத்தனை மேடங்களுக்கும் நீங்கள் தனித்தனியே பதில் எழுத வேண்டியிருக்காது. ஆனால் கமெண்ட் எண்ணிக்கை குறைந்துவிடுமே. மாதக் கடைசியில் முதலாளியிடம் ‘மக்கள் வரவேற்பு’ என்று எதைக் காட்டுவது?

சரி, இன்பாக்ஸைப் பார்க்கலாம் என்றால் அங்கே ஒன்றும் இல்லை. என் தங்கை மகன் இதே வேலையை வேறொரு கம்பெனிக்குச் செய்கிறான். அவன்தான் விளக்கினான். இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்தைப் பின்தொடராதவருக்கு நீங்கள் அனுப்பும் செய்தி நேராக இன்பாக்ஸில் விழாதாம். Requests என்ற பின்கட்டுக்குப் போய்விடுமாம். அந்தப் பக்கம் பெரும்பாலோர் எட்டிப் பார்ப்பதே இல்லை. உங்களைப் பின்தொடராதவர்களைப் பிடிக்கத்தானே விளம்பரத்துக்கே பணம் கட்டுகிறீர்கள்! பின்கட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘வணக்கம் மேடம், உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்றிருந்தது. ஒரு கமெண்டுக்கு ஒரு செய்திதான் அனுப்பலாம், அதுவும் ஏழு நாளுக்குள். அதற்கு மேல் நான் பதில் போட்டால்தான் நீங்கள் பேசவே முடியும் என்பது அங்குள்ள விதி. கிடைத்த அந்த ஒரே வாய்ப்பில் விலையைச் சொல்லாமல் நலம் விசாரித்த பண்பை என்னென்பது.

விலை தெரியாமலே வாங்குகிற ஆள் நான் இல்லை. கடைக்குப் போன் போட்டுக் கேட்டு, ஆர்டர் செய்து, சேலையும் வந்தது. பச்சைக்குப் பதில் நீலம். முகநூலில் வந்த அதே விளம்பரத்தின் கீழே போய், ‘பச்சை கேட்டேன், நீலம் வந்திருக்கிறது. மாற்றித் தருவீர்களா?’ என்று எழுதினேன். வசவு ஏதுமில்லை, ஆச்சரியக்குறிகூட இல்லை. மறுநாளும் பார்த்தேன், என் கமெண்ட் அப்படியே இருந்தது. என் நாத்தனார் போனிலும் இருந்தது. எதிர்வீட்டு அம்மா போனில் மட்டும் இல்லை.

தங்கை மகன் சிரித்தான். “பெரியம்மா, உங்க கமெண்ட்டை ஹைட் பண்ணிட்டாங்க.” முகநூலில் ஒரு பக்கம் ஒரு கமெண்டை மறைத்தால், எழுதியவருக்கும் அவருடைய நட்பு வட்டத்துக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும், மற்றவர் கண்ணுக்குத்தான் தெரியாது. எதிர்வீட்டு அம்மா என் நட்பு வட்டத்தில் இல்லை, அதனால்தான் குட்டு உடைந்தது. தன் புகார் மறைக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நட்பில் இல்லாத ஒருவர் போனை வாங்கிப் பார்த்தால் போதும்.

இத்தனையும் உங்கள் முதலாளிக்குத் தெரியுமா? அவர் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்து, ஒரு புகார்கூட இல்லையே என்று மகிழ்ந்திருப்பார். விளம்பரத்துக்கென்றே தனியாகச் செய்த பதிவு பக்கத்தில் தோன்றாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே சேலையை மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றின் கீழும் தனித்தனியே கமெண்டுகள் சேரும். விளம்பரக் கணக்குக்குள் போய் ஒவ்வொன்றாகத் திறந்தால்தான் தெரியும்.

உங்கள் தடைச்சொல் பட்டியலையும் பாராட்ட வேண்டும். அதில் இருக்கும் சொல் வந்தாலே கமெண்ட் தானாக மறைந்துவிடுமாம். ‘ஏமாத்து’ என்று தமிழில் எழுதினால் போய்விடுகிறது. ஆனால் நம் மக்கள் அதை emathu, yemathu, emaathu என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்தில் அடிப்பார்கள், அவையெல்லாம் தப்பித்துவிடுகின்றன. மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? ‘இவங்க ஃபிராடோன்னு பயந்தேன், சேலை அருமை’ என்று எழுதிய என் நாத்தனார். உங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டையும் நீங்களே ஒளித்துவைத்திருக்கிறீர்கள். ‘வீட்டிலிருந்தே தினம் ஐயாயிரம் சம்பாதிக்கலாம்’ என்பவர் மட்டும் நான்கு இடத்தில் கடை விரித்திருக்கிறார். அவர் எழுத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை பாருங்கள்.

இதுவரை வேடிக்கைதான். இனி எழுதப்போவது அப்படி இல்லை.

நான் புகார் எழுதியது இரவு ஒன்பது மணிக்கு. உங்கள் அலுவலகம் ஆறு மணிக்கே மூடியாகிவிட்டது. விளம்பரம் மட்டும் விடிய விடிய ஓடுகிறது. சற்று நேரத்தில் பதில் வந்தது. உங்கள் கடையின் அதே முத்திரை. பெயரின் பின்னால் ‘ஹெல்ப் டெஸ்க்’ என்று ஒட்டு. ‘சிரமத்துக்கு மன்னிக்கவும் மேடம். பணம் திரும்பப் பெற இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யவும்.’ உங்கள் பதிலைவிடத் தமிழ் நன்றாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. எழுதிப் பார்த்தேன். யுபிஐ க்யூஆர் கோடு ஒன்று அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்றார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை; அதைப் போட்டால் பணம் போகத்தான் செய்யும்.

காலையில் உங்கள் துறை வந்து என்ன செய்தது? என் புகாரை மறைத்தது. அதன் அடியில் இருந்த திருடனின் பதில் என் போனில் அப்படியே நின்றது. ‘இது போலி, பணம் அனுப்பாதீர்கள்’ என்று எச்சரித்திருக்கக்கூடிய ஊராருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. திருடனையும் என்னையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்தினீர்கள். அவனுக்கு வேண்டியதும் அதுதானே? எரிச்சலோடு பணம் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியைத் தேடி எடுக்க அவனுக்கு வேறெங்கே சுலபம்?

தங்கை மகன் கம்பெனியில் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. போலிக் கணக்கையும் சம்பாத்தியக்காரரையும் மறைக்காமல் அழித்துவிட்டு, அந்தக் கணக்கையே தடை செய்கிறார்கள். புகாரை இருக்கிற இடத்திலேயே விட்டு, அதன் அடியில் எல்லாரும் பார்க்க எழுதுகிறார்கள்: ‘ஆர்டர் எண்ணை எங்கள் பக்கத்துக்கு நீங்களே மெசேஜில் அனுப்புங்கள். நாங்கள் கமெண்டில் போன் நம்பர் தர மாட்டோம்.’ மாற்றிக் கொடுத்த பிறகு அதையும் அங்கேயே எழுதுகிறார்கள். விளம்பரம் இரவிலும் ஓடினால் இரவில் பார்க்கவும் ஒரு ஆள் இருக்கிறார். மறைப்பது வசவுக்கும் ஆபாசத்துக்கும் மட்டும்.

இணையத்தில் விற்போருக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘மறைத்துவிட்டோம்’ என்பது இதில் எந்த வகை என்று உங்கள் அலுவலரைக் கேட்டுச் சொல்லுங்கள். 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்திலும் கேட்கத்தான் போகிறேன்.

நீலச் சேலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இதை எழுதும் இந்த நேரத்தில் அந்தப் போலி எண் உங்கள் விளம்பரத்தின் கீழே இன்னும் ஏழெட்டுப் பேருக்குப் பதிலாக நிற்கிறது. முதலில் போய் அதை அழியுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கப்பட்ட ஒரு டியர் மேடம்