அதிபருக்கு ஒரு பக்கம்

பாமன்கடைப் பக்கம் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வையுங்கள். கணிதத்தில் சித்திப் புள்ளியான 35ஐத் தொட்டவர்கள் 27 பேர், பரீட்சைக்கு வராதவர்கள் 4 பேர். நாற்பதால் வகுத்தால் சித்தி வீதம் 67.5, வந்தவர்களால் மட்டும் வகுத்தால் 75. யாரும் புதிதாய் ஒரு கணக்குப் படிக்காமலே ஏழரை கூடிவிட்டது. இதில் சனிக்குச் சம்பந்தமில்லை. பாடச் சராசரி 52 என்றால், பாதிப்பேர் 84, மீதிப்பேர் 20 என்றும் இருக்கலாம். தவணைக்குத் தவணை மாற்றத்தைக் காட்டும் கோடோ, வினாத்தாள் இலகுவானாலே ஏறிவிடும்.

இந்த விளக்கமெல்லாம் அதிபருக்குக் கொடுக்கும் ஒரு பக்கப் பெறுபேற்று அறிக்கையில் அடங்குமா என்பார்கள். வட்ட வரைபடத்தையும் பெரிய இலச்சினையையும் எடுத்துவிட்டால் அடங்கும். வீதத்தருகே 27/40 என்றும், சராசரியருகே 35க்குக் கீழே எத்தனை பேர் என்றும், கோட்டின் கீழே வினாத்தாள் தயாரித்தவர் யார் என்றும் போடுங்கள்.