கையைத் தூக்குவதா, வேண்டாமா?

கேள்வி: கபடிச் சிறுகதை எழுதுகிறேன். கடைசி ரெய்டில் நாயகன் ஜெயிப்பதா, தோற்பதா?
– ஒரு வாசகர், பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்

பதில்: நாயகனை ரெய்டுக்கே அனுப்பாதீர்கள், தற்காப்பில் நிறுத்துங்கள். ரெய்டர் பாடிக்கொண்டு திரும்பும்போது அவர் கால் நுனி நம் ஆளின் பனியனில் உரசுகிறது. உடையில் பட்டாலும் டச்தான், ஆள் அவுட். ஆனால் நடுவர் பார்க்கவில்லை, ரெய்டருக்கும் தெரியவில்லை. இப்போது கையைத் தூக்கிவிட்டு வெளியேறுவதா, வேண்டாமா? உங்கள் கதை அந்த நொடிதான்.

இதை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வைக்காதீர்கள். வைத்தால் வாசகர் பையனை விட்டுவிட்டு ஸ்கோரைப் பார்ப்பார். முதல் பாதியிலேயே, 12-12 என்று சமமாக இருக்கும்போது வையுங்கள். முடிவுக்கு ஒரு விலையும் வேண்டும்: விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும். 'நான் நேர்மையானவன்' என்று மட்டும் அவனைப் பேசவிடாதீர்கள். கை எழுந்ததா, தொங்கியதா, அதை எழுதினால் போதும்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' படியுங்கள். பிச்சி காரிக்காளையை அடக்கியதோடு போட்டி முடிகிறது, கதை முடியவில்லை. தோற்ற காளையை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் இறுதி ஸ்கோர் வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். கதை சரிந்தால், நீங்கள் எழுதியது இன்னும் மேட்ச் ரிப்போர்ட்தான்.