ஆடியில் பிறந்தவருக்கு மார்கழியில் வாழ்த்து

ஜனவரி 1ஆம் தேதி காலையில், சென்னையில் வேலை பார்க்கும் பேரன் ஒருவனின் செல்போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று வரும். அது அவனுக்கு வந்ததல்ல, ஊரில் இருக்கும் அப்பாயிக்கு வந்தது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வங்கிக் கணக்கு திறந்த நாளில் "மொபைல் நம்பர்?" என்று கேட்டார்கள். அப்பாயியிடம் போன் இல்லை, பேரனிடம் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கணக்கில் ஐம்பது ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் தெரிவது அவனுக்குத்தான். இந்த வாழ்த்தும் அப்படி வந்ததுதான். அதை ஊருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டுவது அவன் பொறுப்பு.

இதில் சின்னச் சிக்கல், அப்பாயி பிறந்தது ஜனவரியில் அல்ல.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் காவிரிக்கரைக் கிராமம். சுதந்திரம் வந்த வருஷத்து ஆடிப்பெருக்கு அன்று, ஊரே படித்துறையில் கலந்த சோற்றோடு நின்ற நேரத்தில், அப்பாயி பிறந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து டெல்லியில் கொடி மாறியது. வருஷம் சர்வசித்து, மாதம் ஆடி, தேதி பதினெட்டு. இதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சொன்னால் நம்ப, கையில் காகிதம் வேண்டும். நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. பள்ளிக்கூடம் போயிருந்தால் தலைமையாசிரியராவது ஒரு தேதி போட்டுக் கொடுத்திருப்பார். அதற்கும் வழியில்லை. 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அந்தச் சின்னக் கூட்டத்தில் காவிரிக்கரைக் கிராமத்துப் பெண் பிள்ளை ஏன் இருக்கப் போகிறாள்?

2013இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டார்கள். கண்ணைப் படமெடுத்து, பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்ன பிறகு, கம்ப்யூட்டரில் இருந்த பையன், "பாட்டி, என்ன வயசு?" என்று கேட்டான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒரே குரலில் சொல்லிக் கொடுத்தார்கள்: "அறுபதுன்னு சொல்லு, பென்ஷன் வரும்." அப்பாயியும் அறுபது என்றார். 2013இல் அறுபது கழித்தால் 1953. மாதமும் நாளும் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் தானாகவே ஜனவரி 1 என்று போட்டுக்கொள்ளும். ஆக, அறுபத்தாறு வயதுக்காரர் ஆறு வயதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, 01/01/1953இல் புதிதாகப் பிறந்து வீடு திரும்பினார்.

இது காவிரிக்கரையின் தனிச்சிறப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். உத்தராகண்டில் ஹரித்துவார் பக்கம் கைண்டி காட்டா என்ற ஊரில் எக்கச்சக்கமான பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 பிறந்தநாள் என்று 2017இல் செய்தி வந்தது. மொத்த ஊரும் ஒரே நாளில் கேக் வெட்டலாம்.

சரி, வாசிக்கும் கதைக்கு வருவோம். 2025 ஜனவரி 1, மார்கழிக் காலை. பேரன் அப்பாவின் போனுக்கு அடித்து, அதை அப்பாயியிடம் கொடுக்கச் சொன்னான். அப்பாயி போனைக் காதில் வைக்க மாட்டார். உள்ளங்கையில் திருநீறு வாங்குகிற மாதிரி ஏந்திக்கொள்வார். ஸ்பீக்கர் போடாமல் வேலைக்காகாது. போட்டால் தெருவே கேட்கும். கேட்டது.

செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அனுப்பக் கூடாதா என்று கேட்டால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமென்றால் 160 எழுத்து கொள்ளும், தமிழென்றால் 70தான். அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். "பிறந்தநாள்" என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து. ஒரே வாழ்த்துக்கு இரண்டு மூன்று குறுஞ்செய்திக்கான காசாகிவிடும். வாடிக்கையாளர் மேல் வங்கிக்கு அன்பு உண்டு, அந்த அளவுக்கு இல்லை.

எனவே பேரன் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினான்.

"அன்பான வாடிக்கையாளருக்கு…"

"யாருடா பேசறது?"

"பேங்க்கு, அப்பாயி. நான் வாசிக்கிறேன், கேளு. இந்த இனிய பிறந்தநாளில் நீங்கள்…"

"யாருக்குப் பொறந்தநாளு?"

"உனக்குத்தான்."

"மார்கழியிலயா? ஆடிப்பெருக்குல பொறந்தவளுக்கு மார்கழியில என்னடா பொறந்தநாளு? அவங்கிட்ட சொல்லிடு."

காதால் மட்டுமே சேதி வாங்கிப் பழகியவர்களிடம் ஒரு கடிதத்தை நிறுத்தாமல் வாசிக்க முடியாது. அந்தக் காலத்தில் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து இன்லண்ட் லெட்டரைப் பிரித்து வாசிப்பார். "நலம், நலமறிய ஆவல்" என்றதுமே எதிரில் இருப்பவர் "நல்லாத்தான் இருக்கோம்" என்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் உண்டு. கெட்ட சேதி இருந்தால் தபால்காரர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த வரியை வேறு மாதிரி வாசிப்பார். நல்ல தபால்காரர் என்று ஊர் சொன்னது சைக்கிள் வேகத்தைப் பார்த்து அல்ல.

பேரனும் அந்த வேலையைத்தான் செய்தான். வாழ்த்துக்கு அடுத்த வரியில், முன்பே அங்கீகரிக்கப்பட்ட தனிநபர் கடன் காத்திருப்பதாகப் போட்டிருந்தது. அப்பாயிக்குக் கடன் என்ற சொல் காதில் விழுந்தால் மூன்று நாளைக்குத் தூக்கம் போகும். தாத்தா காலத்து நகைக்கடன் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. பேரன் கடன் வரியைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போனான். அது இன்னும் வம்பு. ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் எதற்கும் ஒட்டி அனுப்பும் வாசகம்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு, அப்பாயி."

அப்பாயி குரலைத் தாழ்த்தினார். "அதை ஏண்டா இம்புட்டுச் சத்தமா வாசிக்கிற? திண்ணையில நாலு பேரு உக்காந்திருக்காளுவ."

அந்த நால்வரில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருவர். "எனக்கும் வந்துதுக்கா, காத்தாலயே என் மவன் சொன்னான்" என்றார். அவரும் அதே முகாமில், அதே வரிசையில், அதே அறுபதைச் சொன்னவர். ஆக அவரும் 01/01/1953. அப்பாயியின் கல்யாணத்தில் பாவாடை சட்டையோடு பந்தியில் உட்கார்ந்த பிள்ளை அவர். கம்ப்யூட்டர் கணக்கில் இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

"ரெட்டைப் பிள்ளையாடி நம்ம ரெண்டு பேரும்? எங்காத்தா ஒத்தையாத்தானே பெத்தா" என்று அப்பாயி சொன்னதும், திண்ணையில் எழுந்த சிரிப்பு சென்னைவரை கேட்டது.

தேதியை மாற்றிவிடலாமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த விடுவார்கள், அதற்கும் சான்று கேட்பார்கள். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் நின்றவர்களில் சாட்சி சொல்ல இன்று யாரும் இல்லை. மாற்றினால் பென்ஷனில் ஏதாவது சிக்கிக்கொள்ளுமோ என்ற பயமும் உண்டு. அப்பாயி இதில் தெளிவாக இருக்கிறார். கோயில் அர்ச்சனைக்கு ஆடி, ஆபீசுக்கு ஜனவரி.

வாசித்து முடித்ததும் அப்பாயி, "சரி, நல்லா இருக்கட்டும். பதில் போட்டுடு. நல்லா இருக்கேன்னும், ஆடி மாசம் இன்னொரு தரம் அனுப்பச் சொன்னேன்னும் எழுது" என்றார்.

இந்த மாதிரிச் செய்திகள் எண்ணிலிருந்து வருவதில்லை, எழுத்துகளாலான ஒரு பெயரிலிருந்து வரும். அதற்குப் பதில் அனுப்ப முடியாது. பேரன் அதை விளக்கினான்.

"வாழ்த்துச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டானா? நல்ல பழக்கம்டா" என்றார் அப்பாயி. பிறகு, முக்கியமானதைக் கடைசிவரை வைத்திருந்தவர் போல, "ஏண்டா, இந்த மாசப் பென்ஷன் ஏறிடுச்சான்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்கானா பாரு" என்றார்.

பேரன் மேலே தள்ளிப் பார்த்தான். போடவில்லை.