தேன் கடை அண்ணனின் கட்டைவிரல்

கேள்வி: வெள்ளிமலையில் தேனும் சாமையும் விற்கும் ஒரு அண்ணனுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். ‘தங்கள் மேலான கருத்தைப் பதிவிடவும்’ என்று மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறார். என்ன செய்வது?
– ஒரு டிசைனர், கள்ளக்குறிச்சி

பதில்: அழைப்பிதழ் மொழியில் கேட்டால் கட்டைவிரல்தான் வரும். ஒப்படைத்த அன்றே கேட்டீர்களோ? அவர் இன்னும் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருப்பார். நாலைந்து ஆர்டர் வரட்டும். பிறகு இப்படி அனுப்புங்கள்:

“அண்ணே, சைட்டுக்கு முன்னாடி ஆர்டர் எப்படி எடுத்தீங்க? இப்ப என்ன மாறியிருக்கு? எது இன்னும் தொல்லையா இருக்கு? டைப் பண்ண வேணாம், வாய்ஸ் நோட் போதும்.”

முதல் இரண்டு பதில்தான் சான்றுரை. மூன்றாவது உங்களுக்கு மட்டும். ‘மலையில சிக்னல் கம்மி, தேன் படம் சுத்திக்கிட்டே இருக்கு’ என்பார். படத்தின் அளவைக் குறைத்துவிட்டு அவரிடமும் சொல்லுங்கள்.

சொன்னதை எழுதிக் காட்டி, பெயரும் ஊரும் போடலாமா என்று கேளுங்கள். ‘வியாபாரம் கொஞ்சம் கூடுச்சு’ என்றால் அதை ‘இரட்டிப்பானது’ என்று மாற்றாதீர்கள். கூகுள் ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதும் வேண்டாம், கூகுள் விதியே அதைத் தடுக்கிறது. ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கு மேல் போனால், வெள்ளிமலை பஸ்ஸில் உங்களைப் பார்த்ததும் அண்ணன் இறங்கிவிடுவார்.