93 மூட்டைக் கணக்கு

மட்டாஞ்சேரி

முதலாளி அவர்களுக்கு,

சைட் எஞ்சினியர் எழுதிக்கொள்வது. நேற்றிரவு நீங்கள் அனுப்பிய வாட்ஸப் குரலை மேஸ்திரி, சென்ட்ரிங் ஆட்கள், டீ கொண்டுவரும் பையன் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். "முதல்ல 75 மூட்டைன்னான், இப்போ 168ங்கிறான். நடுவுல 93 மூட்டை எந்தக் கடைக்குப் போகுது?" உங்கள் மிளகு குடோனில் ஒரு கிலோ குறைந்தால் தராசைத்தானே முதலில் பார்ப்பீர்கள்? சிமெண்ட் கணக்கில் மட்டும் நேரே ஆளின் மடியைத் தடவுகிறீர்கள். சரி, மடியையே அவிழ்த்துக் காட்டுகிறேன்.

ஜனவரியில் நீங்கள் சொன்னது இது: பழைய வெட்டுக்கல் சுவர் அப்படியே இருக்கட்டும், 80 சதுர மீட்டருக்கு 100 மில்லிமீட்டர் தளம் போடு, மேலே பழைய ஓட்டுக் கூரையைத் திரும்ப ஏற்று. தளத்துக்கு 8 கன மீட்டர் கான்கிரீட், பீமுக்கு 3, ஆக 11. கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட் என்றால் 3,740 கிலோ, அதாவது 75 மூட்டை. உலர்ந்த மணல் 175 கன அடி. அந்தத் தாளில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்.

மார்ச்சில் துபாயிலிருந்து மருமகன் வந்தார். மாடியில் நின்று காயலைப் பார்த்தார். ஓடு போயிற்று, கூரை போயிற்று. "மேலே கஃபே, கயிற்று நாற்காலி, நாற்பது பேர் உட்காரணும்" என்றார். வரைபடமாக ஒரு ஃபோட்டோ வந்தது. வேறெந்த நாட்டிலோ உள்ள மாடியின் படம். அதில் தூணே தெரியவில்லை. படத்தில் தெரியாத தூணுக்குச் சிமெண்ட் எதற்கு என்றும் கேட்டார்.

நாற்பது பேர் கூடும் மாடிக்குத் தளம் 150 மில்லிமீட்டர் ஆகிறது. அதற்கு 12 கன மீட்டர். பீம் பெரிதாகி 5. சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் பழைய சுவர் இந்தப் பாரத்தைச் சுமக்காது, கீழேயோ கொழகொழவென்ற சேறு. ஆகவே புதுத் தூணும் அதன் அடித்தளமும் சேர்த்து இன்னொரு 5. (பைல் செலவு தனி; அதைப் பார்க்கும்போது உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.) மொத்தம் 22 கன மீட்டர். கான்கிரீட் சரியாக இரட்டித்தது, சிமெண்டும் இரட்டித்து 150 ஆகியிருக்க வேண்டும். எஞ்சிய 18 மூட்டைதான் நான் திருடியது என்று உங்கள் மருமகன் நினைக்கிறார்.

அந்த 18 மூட்டையைத் தின்றது உப்புக்காற்று. ஓட்டுக்கு அடியில் ஒதுங்கி இருந்திருக்க வேண்டிய தளம் இப்போது கடற்காற்றுக்கு வெறும் உடம்போடு நிற்கப்போகிறது. ஐ.எஸ். 456 விதி இந்த நிலைமையைக் 'கடுமை' என்று வகைப்படுத்துகிறது. கான்கிரீட் எம்25 போதாது, எம்30 வேண்டும். கம்பிக்கு மேல் மூடுகனம் 45 மில்லிமீட்டர் வேண்டும். தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.50 மடங்கு இருக்கலாம் என்றது 0.45க்கு இறங்குகிறது. கலவை கையாளும் பதத்தில் இருக்க எப்படியும் கன மீட்டருக்கு 170 லிட்டர் தண்ணீர் போகிறது. 170ஐ 0.50ஆல் வகுத்தால் 340 கிலோ, 0.45ஆல் வகுத்தால் ஏறக்குறைய 380. கன மீட்டருக்கு 40 கிலோ கூடுதல், 22 கன மீட்டருக்கு 880 கிலோ. பதினெட்டு மூட்டை. திருடன் அரபிக்கடலில் இருக்கிறான், போய்ப் பிடியுங்கள்.

உங்கள் யோசனையும் வந்து சேர்ந்தது: சிமெண்டைக் குறை, மணலைக் கூட்டு, இளக்கமாக இருக்கத் தண்ணீர் ஊற்று. முதலாளி, கன மீட்டருக்கு இரண்டு பக்கெட், 20 லிட்டர் தண்ணீர் அதிகமாக ஊற்றினாலே போதும். 190ஐ 380ஆல் வகுங்கள்: 0.50. பணம் கொடுத்து வாங்கிய 18 மூட்டையும் கரைந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். பில்லில் ஒன்றும் தெரியாது. தளமும் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். சில மழைக்காலம் போனபின் கம்பி துருவேறி ஊதும், அடிப்பக்கம் பெயர்ந்து கப்புச்சினோ கோப்பையில் விழும்.

இனி மணல். சிமெண்ட் கூடிய கலவையில் மணலின் பங்கு கொஞ்சம் குறைவதால், மணல் இரட்டிக்கவில்லை. உலர்ந்த கணக்கில் 342 கன அடிதான். ஆனால் நான் கேட்டிருப்பது 428. இதையும் திருட்டுக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். ஈர மணல் உப்பும். ஒரு நேர்ப்பாத்திரத்தில் 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு உங்கள் மணலை நிரப்பினேன், தண்ணீர் ஊற்றிக் கிளறினேன், 160க்கு இறங்கிவிட்டது. இறங்கிய 40, அந்த 160இல் கால் பங்கு, வெறும் காற்று. லாரிக்காரர் அளந்து விற்கும் அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 428.

ஆற்று மணலுக்குக் கேரளத்தில் 2001 முதல் சட்டம் உண்டு, ஆகவே எம்-சாண்ட் எழுதினேன். நீங்களோ பாதி விலையில் 'நல்ல மணல்' என்று இரவு இரண்டு மணிக்கு லாரி அனுப்பினீர்கள். நல்ல மணலுக்கு இருட்டு எதற்கு? காயலில் வாரிய மணல் அது, சிப்பி ஓடுகூடச் சலிக்கவில்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் கூடாது. அதில் போகும் மணல் மட்டுமே ஏறக்குறைய 700 கிலோ. அந்த மணலில் ஆயிரத்தில் ஒரு பங்கு குளோரைடு இருந்தாலே 0.7 கிலோ ஆகிவிடும். வெளியிலிருந்து வரும் உப்பைத் தடுக்க 18 மூட்டை கேட்கிறேன், நீங்கள் உப்பை உள்ளே வைத்தே பூசச் சொல்கிறீர்கள்.

"எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க" என்றீர்கள். அது உண்மை. பாலாரிவட்டம் மேம்பாலத்தையும் அப்படித்தான் கட்டினார்கள். 2016 அக்டோபரில் ரிப்பன் வெட்டினார்கள், மூன்று வருடம் முடியுமுன் 2019 மே மாதம் கயிறு கட்டி மூடினார்கள். சென்னை ஐ.ஐ.டி. வந்து விரிசலைப் பார்த்தது. மேல்பாகத்தைப் பிரித்துக் கட்டி 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அது ஊர்ப்பணம், பிரிக்கவும் கட்டவும் கஜானா இருந்தது. திறப்பு விழாவில் மாலை வாங்கிய கழுத்துகள் மூடுவிழாவுக்கு வரவில்லை. உங்கள் மாடி பிளந்தால் மாலை போடப்போவது எனக்குத்தான், அதுவும் கோர்ட்டில்.

இன்னொன்று. மாநகராட்சியில் வாங்கியிருப்பது பழுதுபார்க்கும் அனுமதி. கஃபேக்குத் திருத்திய வரைபடம் கொடுத்தாக வேண்டும். கடலோர விதியைக் காட்டி 2020 ஜனவரியில் மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்ததை உங்கள் மருமகன் துபாயில் நேரலையில் பார்த்திருப்பார், கேட்டுப்பாருங்கள்.

ஆகவே 168 மூட்டை சிமெண்ட், பகலில் வரும் 428 கன அடி எம்-சாண்ட், திருத்திய தாளில் உங்கள் கையெழுத்து. மூன்றும் வரும்வரை மிக்சர் சுற்றாது. வேறு எஞ்சினியரைக் கூப்பிட்டாலும் சரிதான், இந்தக் கடிதத்தின் நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சைட் எஞ்சினியர்

பி.கு.: இரவு வந்த லாரி மணலை வீணாக்கவில்லை. உங்கள் வீட்டுப் பின்பக்கம் தென்னைக்கு அடியில் கொட்டச் சொல்லிவிட்டேன். தென்னைக்கு உப்பு பிடிக்கும்.